பையில் இருந்த மூன்று பியூஸ்கள்

பெரியையா அந்தக் கான்வஸ் பையைத் தொடவில்லை. கதிரையில் இருந்தபடி அதைக் கண்ணால் மட்டும் காட்டினார்.

"உதுக்குள்ளை இருக்கிற மூண்டையும் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே மாட்டிப்போட்டு வா."

பை என் மடியில் இருந்தது. மழையில் நனைந்து உப்புக் காற்றில் காய்ந்த துணி விறைத்துப் போயிருந்தது. உள்ளே குறடு ஒன்று, கறுப்பு நாடாச் சுருள் ஒன்று, பாதி கடித்து ஓலையில் சுற்றி வைத்த பனாட்டுத் துண்டு ஒன்று. அவற்றோடு உள்ளங்கை அளவான மூன்று வெள்ளைப் பீங்கான் பியூஸ்கள். நான் அசையும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று முட்டிக் கோப்பை கழுவும் சத்தம் எழுப்பின.

குசினிக்குள் பெரியம்மா மரக்கறி வெட்டுவதை நிறுத்திவிட்டார். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கும் பெரியையாவுக்கும் தெரிந்திருந்தது.

ஒரு மனிதன் மின்கம்பத்திலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டு ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கவில்லை. அவன் செய்த ஒரேயொரு சரியான காரியத்தை அழித்துவிடும்படி, என்னை வளர்த்தவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கம்பம் ஏறும் சூசைப்பிள்ளை

மின்சாரம் எங்கள் தீவுக்கு வந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். பாலத்தருகே கம்பங்கள் வந்து இறங்கியதும், அவை கோயில் றோட்டுக்கா மாதா கோயில் றோட்டுக்கா முதலில் என்று இரண்டு பக்கமும் மனுக் கொடுத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த மனுக்களில் ஒன்றை எழுதியவன் நான். பட்டம் பெற்று, ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில் கிராம முன்னேற்றச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன்.

சூசைப்பிள்ளை அந்த நாட்களிலேயே எனக்குப் பழக்கம். நாரந்தனைப் பக்கத்தில் கடற்தொழில் செய்யும் குடும்பம். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் மின்சாரக் கந்தோரில் சேர்ந்து லைன்மன் ஆனவர். "எங்கடை ஆக்கள் எல்லாரும் கீழை பாத்து வலை வீசுறாங்கள், நான் மேலை பாத்து வீசுறன்" என்பார். மீசையில் மிகுந்த அக்கறை. கம்பத்தில் ஏறுவதற்கு முன் அதை இரண்டு பக்கமும் தடவிவிடுவார். அடக்கமான மனிதர் என்று சொல்ல ஏலாது. தன்னைப்போல ஏறக்கூடியவன் யாழ்ப்பாணம் முழுவதிலும் இல்லை என்று தானே சொல்லிக்கொள்வார்.

என்னைக் கண்டால் ஒரு நக்கல் இல்லாமல் விடமாட்டார்.

"என்ன செயலாளர், தேத்தண்ணி கொண்டு வந்தீரோ, இல்லாட்டி மனு கொண்டு வந்தீரோ?"

புயலுக்குப் பிறகு

அது ஒரு மார்கழி. கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருந்தது, எங்கள் கோயிலில் திருவெம்பாவை நடந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளிக்குள் புயல் புகுந்தது.

காற்று ஓய்ந்த பின் தீவு உப்பில் தோய்த்தெடுத்தது போலக் கிடந்தது. முருங்கை இலைகள் கருகியிருந்தன. கோயிலின் பின்னால் போகும் ஒடுங்கிய ஒழுங்கையில் ஒரு பனை சரிந்து இரண்டு கம்பங்களுக்கு இடைப்பட்ட கம்பிகளை எல்லாம் அறுத்து நிலத்தில் போட்டிருந்தது. அறுந்த இடத்துக்கு அப்பால் மிஞ்சியது ஒரு துண்டு லைன் மட்டுமே. கோயிலும், அதற்கு அடுத்த எங்கள் பெரியையா வீடும், பூட்டிக் கிடந்த இன்னுமிரு வீடுகளும் அந்தத் துண்டில்தான் தொங்கின. இந்த விபரம் முக்கியமானது.

கோயிலுக்குச் சொந்தமாக ஒரு சிறிய எஞ்சின் இருந்தது. தென்னிலங்கையில் கடை வைத்திருந்த ஊரவர்கள் வாங்கிக் கொடுத்தது. கரண்ட் நின்றால் மணிக்கூண்டு விளக்கும் ஒலிபெருக்கியும் அதில் இயங்கும். அதன் வயரைக் கோயில் சுவிச்சுப் பலகையிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். எஞ்சின் ஓடும்போது மெயின் சுவிச்சுக் கைபிடியைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பது முறை. இறக்கினால் கோயில் தனி, றோட்டுக் கம்பி தனி.

கோயில் மனேச்சர் பெரியையாதான். புயலுக்கு மறுநாள் மாலை, கைபிடி தவறுதலாக மேலே நின்றபோது அவர் ஒரு புதினத்தைக் கண்டார். கோயிலில் எஞ்சின் ஓட, மதிலுக்கு இந்தப்புறம் எங்கள் வீட்டு விறாந்தையிலும் விளக்கு எரிந்தது.

நான் அப்போது யாழ்ப்பாணத்தில் அகப்பட்டிருந்தேன். மறுநாள் காலை வந்து சேர்ந்தபோது பெரியம்மா இதை வரப்பிரசாதம் போலச் சொன்னார்.

"ஊரெல்லாம் குப்பி விளக்கு. எங்கடை வீட்டிலை மட்டும் வெளிச்சம். சனம் வந்து எட்டி எட்டிப் பாத்தது."

எந்தக் கம்பி வழியாக அந்த வெளிச்சம் வந்தது என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. எஞ்சின் கரண்ட் கோயில் கரண்ட், றோட்டுக் கரண்ட் வேறு என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். நல்லதண்ணிக் கிணறும் உவர்க் கிணறும் பக்கத்தில் இருந்தும் கலப்பதில்லையே, அதைப்போல.

பின் ஒழுங்கையில்

அன்று காலையே சூசைப்பிள்ளையும் அவருடைய உதவியாளர் குணமும் ஏணியைத் தோளில் காவிக்கொண்டு வந்தார்கள். நான் ஒழுங்கை முகப்பில் நின்றேன்.

"உங்கடை மாதா கோயில் றோட்டு முடிஞ்சுதோ, அண்ணை?"

"இல்லைத் தம்பி. உங்கடை திருவெம்பாவை முடியப்போகுது, பாலன் பிறக்க இன்னும் நாள் கிடக்கு. சாமிமாருக்குள்ளை சண்டை வரக்கூடாதெண்டு முதல் இஞ்சை வந்தனான்." பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "உங்கடை ஸ்பீக்கர் விடியப்புறம் கத்தாட்டி எங்கடை சனத்துக்கும் நித்திரையாலை எழும்ப ஏலாது, பாரும்" என்றார்.

அவர் செய்ததை நான் நேரில் பார்த்தேன். ஆகவே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் சந்தியிலுள்ள ட்ரான்ஸ்போமருக்குப் போய் எங்கள் றோட்டுக்குரிய மூன்று பியூஸ்களையும் கழற்றினார். கழற்றியவற்றை அங்கேயே வைக்காமல் பையில் போட்டுத் தோளில் மாட்டினார். லைன்மன் கம்பத்தில் நிற்கும்போது வேறெவரும் வந்து மாட்டிவிடாமல் இருப்பதற்கு அதுதான் வழி. பிறகு ஒழுங்கைக்கு வந்து ஏணி வைத்து ஏறி, இடுப்புப் பட்டியைக் கம்பத்தைச் சுற்றிக் கொழுவினார். சோதனை விளக்கின் இரண்டு வயர்களையும் கம்பிகளில் வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. லைன் செத்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்திருக்க வேண்டும். எல்லாக் கம்பிகளையும் ஒன்றாகப் பிணைத்து, நிலத்தில் அறைந்த இரும்புக் கோலோடு சங்கிலியால் தொடுக்க வேண்டும். 'ஏர்த்' பண்ணுவது என்பார்கள். சோதனை விளக்கு அந்தக் கணத்தைத்தான் சொல்லும். அடுத்த கணம் எங்கிருந்தாவது கரண்ட் வந்தால் அதைத் தன்னோடு மண்ணுக்கு இழுத்துச் செல்வது அந்தச் சங்கிலி.

"சங்கிலி எங்கை அண்ணை?" என்று குணம் கேட்டது என் காதில் விழுந்தது.

"வேலணைப் பக்கம் பெரிய லைனுக்குக் கொண்டு போட்டாங்கள். இருக்கிறது ஒண்டு. பியூஸ் என்ரை தோளிலை கிடக்கு. பேந்தென்ன?"

நிலத்தில் கிடந்த நடுக்கம்பியை, கரண்ட் திரும்பிப் போகும் கம்பியை, குணம் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். சூசைப்பிள்ளை அதை இழுத்துப் பிணைத்து முடித்தார். அடுத்து மற்றக் கம்பி. முறுக்குவதற்கு றப்பர் கையுறை இடைஞ்சலாக இருந்ததால் வலது கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினார்.

அந்த நேரம் கோயில் பக்கமிருந்து எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. விக்கல் எடுப்பதைப் போல இரண்டு தரம், பிறகு சீராக.

எனக்கு அந்தச் சத்தத்தில் விசேடமாக எதுவும் தோன்றவில்லை. மேலே பார்த்தபோது சூசைப்பிள்ளை விறைத்துப்போய் நின்றார். கம்பியைப் பிடித்த கை அதை விடவில்லை. கரண்ட் பிடித்த கை விரியாது, அது இன்னும் இறுகும். இடது முழங்கை நடுக்கம்பியில் சாய்ந்திருந்தது. அவர் வாயிலிருந்து வந்த ஒலியை நான் எழுதப்போவதில்லை.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ!" என்று குணம்தான் கத்தினான். எனக்கு முன் அவனுக்கு விளங்கிவிட்டது. நான் மதிலால் ஏறிக் குதித்தேன். பெரியையா எஞ்சினருகே குனிந்து, ஒலிபெருக்கியைப் பரீட்சித்துக்கொண்டிருந்தார். "ஹலோ, ஹலோ" என்ற அவருடைய குரல் கோபுரத்தின் மேலிருந்து ஊருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் எஞ்சினை நிறுத்தியபோது அந்தக் குரலும் நின்றது.

பட்டி இருந்ததால் சூசைப்பிள்ளை விழவில்லை. தலை தொங்க, கம்பத்தில் மாட்டியிருந்தார். குணம் குறுக்குச் சட்டத்தின் மேலாகக் கயிறு போட்டு அவரை இறக்கினான். மூச்சு இல்லை. ஈர மணலில் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினான். ஊதினான், நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்தான், மறுபடி ஊதினான். அவனுடைய கண்ணீர் அந்த மீசையில் விழுந்தது. நெடுநேரத்துக்குப் பின் தொண்டைக்குள் ஒரு கரகரப்பு வந்தது.

வாடகைக் காரில் ஏற்றும்போது குணம் பையைக் கழற்றி என்னிடம் தந்தான்.

"இதை ஒருத்தரிட்டையும் குடுக்காதையுங்கோ. அவர் பியூஸ் கழட்டினவர் எண்டதுக்கு இதுதான் சாட்சி."

கதிரையில் இருந்தவர்

பெரியையா கெட்டவர் அல்ல. தகப்பனை இழந்த என்னைப் படிப்பித்தவர். பஞ்ச காலத்தில் கோயில் மடத்தில் எல்லாச் சாதியாருக்கும் கஞ்சி ஊற்றியதற்காக உறவினரின் பகையைத் தேடிக்கொண்டவர். அந்தப் பழைய கதையை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வெட்கம், அந்நியரைப் பற்றி வருவதில்லை. நாம் மதித்தவர் நம் கண்முன் சிறுத்துப்போகும்போதுதான் அது வருகிறது.

"பியூஸ் அங்கை மாட்டிக் கிடந்தால், அவன் கழட்ட மறந்து ஏறினவன் எண்டு முடிஞ்சிடும்," என்றார். "கோயில் பேர் வெளியிலை வராது. வேதக்காரப் பெடியன் சைவக் கோயில் கரண்டிலை அடிபட்டவன் எண்டு கதை பரவினால் ஊர் ரெண்டாப் போகும். நீ படிச்சனீ, யோசி."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நான் யோசிக்கவும் செய்தேன். ஊர் பிளவுபடலாம். பெரியையா பொலிசுக்குப் போக நேரலாம். மறுபக்கத் தட்டில் ஒரு லைன்மனின் வேலை, கவனயீனத்தால் தன்னைத் தானே சுட்டுக்கொண்டவன் என்ற பெயர், அவன் மனைவி மக்கள்.

ஆனால் அந்தத் தராசைவிட முந்தி என் நினைவுக்கு வந்தது வேறொன்று.

"பெரியையா, கம்பி இன்னும் ஒழுங்கையிலை நிலத்திலை கிடக்கு. பியூசை மாட்டினால், பெரிய லைனிலை கரண்ட் வந்த கையோடை அந்தக் கம்பிக்கு உயிர் வரும். சனம் அதைக் கடந்து போகுது. இப்பதான் பெரியம்மாவும் அதாலை போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தவ."

குசினி வாசலில் பெரியம்மா கையில் பாதி வெட்டிய கத்தரிக்காயோடு வந்து நின்றார்.

"என்னையும் கொல்லப் பாத்தனீங்களோ?" என்றார்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். பெரியையா தடுக்கவில்லை. படலையைத் தாண்டும்போது, "எஞ்சினைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டிலுக்குள்ளை வை" என்று அவர் யாருக்கோ சொல்வது கேட்டது.

கந்தோரில்

மின்சாரக் கந்தோரில் ஒரு கிளாக்கர் மட்டும் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. ஆளுக்கு அடிபட்டால் உடனே யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோனில் அறிவிக்க வேண்டும், அத்தியட்சகர் வந்து பார்க்கும்வரை சம்பவ இடத்தில் எதையும் தொடக்கூடாது என்பது அவர்களுடைய விதி. அவர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"எங்காலை வந்த கரண்டாம்?"

"கோயில் எஞ்சின். மெயின் சுவிச்சு இறக்காமல் ஓடினது."

"ஆர் ஓட்டினது?"

நான் பெயரைச் சொன்னேன்.

"உம்மடை பெரியையா எல்லே அவர்?"

"ஓம்."

அவர் ரிசீவரை ஒரு கணம் நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இரும் தம்பி, தண்ணி குடியும்" என்றார். அந்த இரக்கம் அறைந்தது போல இருந்தது. காட்டிக் கொடுக்க வந்தவனுக்கா, காட்டிக் கொடுக்கப்பட வேண்டியவரின் பிள்ளைக்கா அந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை.

மேலே நின்ற கைபிடி

பிற்பகல் அத்தியட்சகர் ஜீப்பில் வந்தார். நானும் அதே ஜீப்பில் இருந்து கோயில் வாசலில் இறங்கியதை ஊர் முழுவதும் பார்த்தது. பெரியையா பார்த்தார்.

அத்தியட்சகர் கம்பத்தைப் பார்த்தார். தொங்கிய கம்பியையும், பல்லால் கழற்றிய கையுறை விழுந்த இடத்தையும் படமாகக் கீறினார். பட்டியையும் கருவிகளையும் சோதிக்க எடுத்துக்கொண்டார். குணத்திடம் கேட்டார்:

"ஏர்த் பண்ணினனீங்களோ?"

"இல்லை, ஐயா."

"ஏன்?"

"சங்கிலியை வேலணைக்கு அனுப்பச் சொன்னது நீங்கள்தானே, ஐயா."

அத்தியட்சகரின் பென்சில் நின்றது. பிறகு அதையும் எழுதினார். அதை எழுதினார் என்பதற்காக இன்றுவரை அவரை மதிக்கிறேன்.

கோயில் அறையில் எஞ்சின் இல்லை. சீமெந்தில் எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. பெரியையா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். எஞ்சினை ஒளித்தவர், சுவரிலிருந்த மெயின் சுவிச்சை மறந்துவிட்டார். அதன் கைபிடி மேலேயே நின்றது.

அத்தியட்சகர் அதைத் தொடாமல் விரலால் காட்டினார். குரலை உயர்த்தவில்லை.

"நேற்றுப் பின்னேரம் உங்கடை வீட்டிலை லைற் எரிஞ்சதாம். உண்மையோ?"

"ஓம்."

"கரண்ட் இல்லாத ஊரிலை உங்கடை வீட்டுக்கு மட்டும் எதாலை வந்தது?"

பெரியையா பதில் சொல்ல வெளியே வந்தார். கோயில் சுவரிலிருந்து கம்பத்துக்குப் போகும் வயரைப் பார்த்தார். கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வயரைப் பார்த்தார். பிறகு அவருடைய கண் தானாகவே அந்தக் கம்பத்தைக் கடந்து, பின் ஒழுங்கைக் கம்பத்துக்கு, இன்னும் கயிறு தொங்கிய குறுக்குச் சட்டத்துக்குப் போய் நின்றது.

அந்த வெளிச்சம் எந்த வழியால் வந்தது என்பதை அவர் முதன்முதலாக அப்போதுதான் கண்டார். சால்வை தோளிலிருந்து நழுவியது, அவர் அதை எடுக்கவில்லை.

"எஞ்சின் மாட்டுக் கொட்டிலுக்குள்ளை கிடக்கு," என்றார். "நான்தான் ஓட்டினனான். கைபிடியை மேலை விட்டதும் நான்தான். எங்கடை பெடியன் சொன்னது சரி."

டோர்ச்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது சூசைப்பிள்ளையின் வலது கை துணிச் சுற்றுக்குள் இருந்தது. உள்ளங்கையில் சிறிய வெள்ளைக் காயம்தான் வெளியே தெரிந்ததாம். உள்ளே எரிந்தது பிறகுதான் தெரியவந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. மிஞ்சியவை மடங்கவில்லை.

அவர் என்னிடம் முதலில் கேட்டது, "பியூஸ் மூண்டும் பத்திரமோ?" என்றுதான்.

"கந்தோரிலை குடுத்திட்டன், அண்ணை."

கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலருகே நின்ற அவருடைய மனைவி என்னைப் பாராமல் சொன்னார்: "எங்கடை றோட்டை முதல் செய்யச் சொல்லிக் கேட்டனான். கோயில் றோட்டை முடிச்சுப்போட்டு வாறன், அவையளுக்குத் திருவெம்பாவை எண்டிட்டுப் போனவர்."

நான் கொண்டுபோன தோடம்பழங்களை வைத்துவிட்டு வந்தேன்.

ஏர்த் பண்ணாததற்காக அவருக்கு ஒரு கண்டிப்பு வந்தது. வேலை போகவில்லை. கோயிலுக்கு மின்சாரம் வெட்டப்பட்டது. எஞ்சினும் றோட்டுக் கம்பியும் ஒருபோதும் சேர முடியாதபடி இருபக்கச் சுவிச்சு ஒன்று பூட்டிய பிறகே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் திருவாதிரை சங்கோடும் எண்ணெய் விளக்கோடும் நடந்தது. ஊர் இரண்டாகப் போகவில்லை. பெரியையா பயந்தது நடக்கவில்லை என்பதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. சிலர் என்னை நேர்மையானவன் என்று பாராட்டினார்கள். ஒரு வீட்டின் அவமானத்தில் இருந்து எனக்கு மட்டும் மாலை கட்டியது போல அது கூசியது.

கம்பம் ஏற ஏலாத சூசைப்பிள்ளையை மீற்றர் வாசிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். மாதா மாதம் சைக்கிளில் வருவார். கோயில் மீற்றர் இருண்ட அறையில் இருந்தது. ஒரு கையால் எழுத வேண்டும், மற்றக் கை டோர்ச்சைப் பிடிக்காது. முதல் மாதம் அவர் வாசலில் தயங்கி நின்றபோது, பெரியையா எழுந்து போய் அவர் கையிலிருந்த டோர்ச்சை வாங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அவரே பிடித்தார். வேறெவரையும் விடவில்லை.

சூசைப்பிள்ளைக்கு நக்கல் மட்டும் மாறவில்லை.

"மனேச்சர், எஞ்சின் ஓடேல்லைத்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். தானே சிரிப்பார். எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தப் பகிடிக்குச் சிரித்ததில்லை.

உள்ளே வெளிச்சம் மீற்றர் கண்ணாடியின் மேல் ஆடிக்கொண்டிருக்கும்.

"நேராப் பிடியுங்கோ, மனேச்சர். இலக்கம் தெரியேல்லை."

"வயசு போச்சுது, சூசை."

"உங்களுக்கு அவ்வளவு வயசில்லை," என்பார் சூசைப்பிள்ளை, எழுதியபடியே.

பெரியையா காலமான பிறகு வந்த முதல் மாதம், சூசைப்பிள்ளை வழக்கம்போலப் கோயில் மதிலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மீற்றர் அறை வாசலில் நின்றார். எஞ்சினைப் பற்றி அன்று கேட்கவில்லை. டோர்ச்சை என்னிடம் நீட்டினார்.

நான் இரண்டு கையாலும் பிடித்தேன். அப்படியும் வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கவில்லை.